முதல் முறை கடன் வாங்குபவருக்கான விளக்கக் காணொளி: வட்டியை எந்த வாக்கியத்தில் சொல்வது?

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 7, காலை 9.40

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கிளை வைத்திருக்கும் ஒரு சிறுகடன் நிறுவனத்துக்காக மூன்று நிமிட விளக்கக் காணொளிக்கு வசனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் முறையாகக் கடன் கேட்டு வருபவருக்குக் கிளையிலேயே கைப்பேசியில் காட்டுவார்கள். பிறகு அவருக்கு வாட்ஸ்அப்பிலும் அனுப்புவார்கள். எடுத்துக்காட்டுக் கடன் 60,000 ரூபாய், 12 மாதத் தவணை, மாதம் 5,600 ரூபாய். நிறுவனம் கொடுத்த குறிப்பில் "ஆண்டுக்கு 12 சதவீத வட்டி மட்டுமே" என்ற வாக்கியம் இருக்கிறது, அதை அப்படியே பேச்சில் சொல்லச் சொல்கிறார்கள்.

பேசும் பகுதியில் சதவீதமே வேண்டாம் என்பது என் கருத்து. கையில் வருவது எவ்வளவு, மாதாமாதம் கட்டுவது எவ்வளவு, கடைசித் தவணை முடியும்போது மொத்தமாகக் கட்டியிருப்பது எவ்வளவு என்ற மூன்று ரூபாய்க் கணக்குகள் போதும். இத்தகைய வசனம் எழுதியவர்களும், கிளையில் உட்கார்ந்து விளக்கியவர்களும் இதை ஏற்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன்.

எம்.சி. ரோடு துணிக்கடை | 2025 ஜூலை 7, காலை 11.15

சதவீதத்தை எடுத்துவிட வேண்டியதில்லை, நம் மக்களுக்குப் பழகிய பேச்சில் சொன்னால் போதும். ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய், அதாவது ஒரு வட்டி. வண்ணாரப்பேட்டையில் யாரிடம் "ஒரு வட்டி" என்று சொன்னாலும் உடனே புரிந்துகொள்வார்கள். நான் கடைக்குச் சரக்கு எடுக்க ரெண்டு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் வாங்கியிருக்கிறேன், அதனால் ஒரு வட்டி மிக மலிவு என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அப்படியே எழுதுங்கள்.

பழைய கடன் அதிகாரி | 2025 ஜூலை 7, இரவு 8.50

துணிக்கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. மக்கள் வட்டியை மாதத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்றுதான் கேட்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் இந்தக் கடன் ஒரு வட்டி அல்ல, அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

அவர் ரெண்டு வட்டிக்கு 60,000 வாங்கும்போது மாதாமாதம் வட்டியை மட்டும் கொடுத்துவிட்டு, அசலை முடிவில் ஒரே தொகையாகத் திருப்புகிறார். ஆண்டு முழுவதும் 60,000 ரூபாயும் அவர் சரக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே அப்படியில்லை. முதல் மாதத்திலிருந்தே அசலும் திரும்பிப் போகிறது, வட்டி மட்டும் குறையாமல் முதலில் வாங்கிய 60,000-க்கே 7,200 ரூபாய் என்று கணக்கிடப்படுகிறது. இதைத்தான் கிளைகளில் ஃப்ளாட் ரேட் என்பார்கள். ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் அந்த வாடிக்கையாளரிடம் இருக்கும் அசல் ஏறக்குறைய 33,500 ரூபாய்தான். அதற்கு 7,200 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 சதவீதம் ஆகிறது. துணிக்கடைக்காரரின் மொழியில் சொன்னால் இது கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் வட்டி.

நீங்களே சரிபார்க்கலாம். எக்செல் தாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இதை இட்டால் போதும்:

```
=RATE(12,-5600,60000)*12
```

எழுத்தருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் தவணைக் கடன் ஒவ்வொன்றுக்கும் கேஎஃப்எஸ் என்னும் முக்கிய விவரத் தாளை வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் கொடுத்து, விளக்கி, விளக்கியதற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். அந்தத் தாளில் எல்லாச் செலவும் சேர்ந்த ஆண்டு விகிதமான ஏபிஆர் இருக்கும். காணொளியில் 12 என்று கேட்டவர் பத்து நிமிடத்தில் அந்தத் தாளில் இருபதுக்கு மேலான எண்ணைப் பார்ப்பார். அதன் பிறகு காணொளியில் சொன்ன வேறு எதையும் அவர் நம்பமாட்டார்.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 8, காலை 7.30

நிறுவனத்திடம் கட்டண விவரம் கேட்டு வாங்கிவிட்டேன். செயலாக்கக் கட்டணம் 2 சதவீதம், அதாவது 1,200 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216 ரூபாய். கடன் காப்பீட்டுக்கு 600 ரூபாய். இவை எல்லாவற்றையும் முதலிலேயே பிடித்துக்கொண்டு, வங்கிக் கணக்கில் 57,984 ரூபாய்தான் போடுவார்கள். 60,000 என்ற தொகையை வாடிக்கையாளர் காகிதத்தில் மட்டுமே பார்க்கப் போகிறார்.

அதிகாரி ஐயா கொடுத்த சூத்திரத்தில் 60,000-க்குப் பதில் 57,984 என்று போட்டுப் பார்த்தேன். 28.1 சதவீதம் வருகிறது. காப்பீட்டை விட்டுவிட்டு 58,584 என்று போட்டால் 26.1 சதவீதம். நிறுவனத்தின் குறிப்பில் இருந்த "12 சதவீத வட்டி மட்டுமே" என்ற வாக்கியத்தை இனி எந்த வடிவிலும் எழுதப்போவதில்லை என்று அவர்களுக்கு மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டேன்.

காசிமேடு படகு | 2025 ஜூலை 8, பிற்பகல் 2.05

அக்கா, உங்கள் விவாதத்தைப் படித்ததும் என் நிலையைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நான் விசைப்படகு எஞ்சினுக்காக வேறொரு நிறுவனத்தில் கடன் வாங்கினேன். அதிலும் காப்பீடு என்று ஒரு தொகையைப் பிடித்தார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு ஓடவில்லை, இரண்டு தவணை கட்ட முடியவில்லை. காப்பீடு இருக்கிறதே, அதிலிருந்து அந்த இரண்டு தவணையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டபோது கிளையில் மறுத்துவிட்டார்கள். பணம் வாங்கும்போது ஒன்றும் விளக்கவில்லை. இதை எங்கே எழுதிக் கொடுத்தால் கிடைக்கும்?

பழைய கடன் அதிகாரி | 2025 ஜூலை 8, இரவு 9.20

தம்பி, கடனோடு சேர்த்து விற்கும் காப்பீடு பெரும்பாலும் உயிருக்கான காப்பீடு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், பாக்கி இருக்கும் கடன் முதலில் நிறுவனத்துக்குப் போகும், மீதி இருந்தால் நியமிக்கப்பட்டவருக்குக் கிடைக்கும். தொழில் நின்ற மாதத்துக்கோ, படகு கரையில் நின்ற மாதத்துக்கோ அது பொருந்தாது. ஆனால் உங்களுடைய காப்பீட்டுச் சான்றிதழை நான் பார்க்கவில்லை. விபத்து அல்லது ஊனத்துக்கான பகுதியும் சிலவற்றில் இருக்கும், அதனால் சான்றிதழின் நகலைக் கிளையில் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

விளக்காமல் பிடித்தார்கள் என்பது தனிப் புகார். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, அது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமாக இருந்தால் cms.rbi.org.in தளத்தில் புகார் பதியலாம். 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம்.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 9, காலை 6.50

காசிமேட்டுத் தம்பியின் கேள்வி என் வசனத்தில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டிவிட்டது. "உங்கள் கடனுக்குப் பாதுகாப்பு" என்று ஒரே வரியில் காப்பீட்டை முடித்திருந்தேன். அந்த வரியைக் கேட்கும் எவரும், தவணை கட்ட முடியாத மாதத்தில் கைகொடுக்கும் ஒன்று என்றே புரிந்துகொள்வார். ஆகவே காப்பீடு எதற்கு உதவும் என்பதைவிட எதற்கு உதவாது என்பதை முதலில் சொல்ல முடிவு செய்து, பேச்சுநடையில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இதுல அறுநூறு ரூபா காப்பீட்டுக்குப் போகுது. உடம்பு சரியில்ல, வேலை இல்ல, அதனால ஒரு மாசம் டியூ கட்ட முடியலன்னா இந்தக் காப்பீடு கட்டாது. கடன் வாங்கினவர் இறந்துட்டா, மிச்சக் கடனை இது கட்டும். அந்தக் கடன் குடும்பத்து மேல விழாது. இது உங்களுக்கு வேணுமா வேணாமான்னு கேட்டு, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

கடைசி வாக்கியத்தை நிறுவனம் அனுமதிக்குமா என்று தெரியவில்லை. அதை எடுத்துவிடச் சொன்னால், வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டால் மட்டும் பிடிக்கும் தொகையா அது என்று அவர்களிடமே திருப்பிக் கேட்கப் போகிறேன்.

குரல் பதிவாளர் | 2025 ஜூலை 9, முற்பகல் 11.30

பதிவு அறையிலிருந்து ஒரு குறிப்பு. "ஐம்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு ரூபாய்" என்று நான் வாசித்து முடிப்பதற்குள் கேட்பவர் தொடக்கத்தை மறந்துவிடுவார். திரையில் எண் தெரியும் என்பீர்கள், ஆனால் கிளையில் கூட்டம் இருக்கும்போது திரையைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பவர்களே அதிகம். பேச்சில் "ஐம்பத்தெட்டாயிரம் சுமாருக்கு" என்று வைத்துக்கொண்டு, சரியான எண்ணைத் திரையில் காட்டுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண்தான் இருக்க வேண்டும், அடுத்த எண் வருவதற்கு முன் ஒரு மூச்சு இடைவெளி வேண்டும். மூன்று நிமிடத்தில் நிதானமாக வாசித்தால் முந்நூறு சொற்களுக்கு மேல் அடங்காது. நீங்கள் அனுப்பிய வரைவு அதைப்போல ஒன்றரை மடங்கு இருக்கிறது.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 9, இரவு 10.10

குரல் பதிவாளர் சொன்ன நீளக் கணக்கு சரிதான். நிறுவனத்தின் தொடக்க ஆண்டு, கிளைகளின் எண்ணிக்கை, வாழ்த்துரை எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன். ஆவணங்களின் பட்டியலையும் தனிப் படமாகப் பிரித்துவிட்டேன்.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 12, மாலை 5.20

வரைவைக் கைப்பேசியிலேயே பதிவு செய்து, கொருக்குப்பேட்டையில் எனக்குப் பழக்கமான ஒரு மகளிர் குழுவினரிடம் போட்டுக் காட்டினேன். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றே மரியாதைக்குச் சொல்வார்கள். ஆகவே கைப்பேசியை மூடிவிட்டு, ஒவ்வொருவரிடமும் தனியாக மூன்று கேள்விகள் கேட்டேன். கையில் எவ்வளவு வரும்? எல்லாம் முடியும்போது எவ்வளவு கட்டியிருப்பீர்கள்? ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்?

மாதத் தவணை எல்லோர் நினைவிலும் இருந்தது. ஆனால் கையில் வரும் தொகையைக் கேட்டபோது பெரும்பாலோர் அறுபதாயிரம் என்றே சொன்னார்கள், பிடித்தம் பற்றித் தெளிவாகப் பேசியிருந்தும். காரணம் என் முதல் வாக்கியம். "அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்" என்று தொடங்கியிருந்தேன். முதலில் விழுந்த எண் மனத்தில் ஊன்றிவிட்டது, பிறகு வந்த கழித்தல் அதை அசைக்கவில்லை.

அந்தக் குழுவில் தள்ளுவண்டியில் இட்லிக் கடை நடத்தும் ஒரு அம்மா மட்டும் உடனே சரியாகச் சொன்னார். எப்படி நினைவில் வைத்தீர்கள் என்று கேட்டேன். "தண்டல்லயும் இப்படித்தானே, பத்தாயிரம்னு எழுதி எட்டாயிரத்து ஐந்நூறு குடுப்பாங்க, நூறு நாளைக்கு நூறு நூறா கட்டணும்" என்றார். அங்கிருந்த மற்றவர்களுக்கும் அந்தக் கணக்கு தெரியும், ஆனால் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் இருக்கும் அலுவலகத்தில் அப்படி முன்பிடித்தம் இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

நிறுவனத்தினர் முதல் முறை வாடிக்கையாளர் என்று சொல்வது தங்களிடம் முதல் முறை வருபவரை. தண்டல், சீட்டு, அடகு என்று கடன் கணக்கில் அவர் பல ஆண்டுகளாகப் பழகியவராக இருப்பார். அவருக்குக் கடன் என்றால் என்ன என்பதை விளக்கும் முதல் நாற்பது விநாடியையும் வெட்டிவிட்டேன். இப்போது தொடக்கம் இது:

"உங்க பேங்க் கணக்குல வந்து விழப்போறது ஐம்பத்தெட்டாயிரம் சுமாருக்கு. ஆனா நீங்க அறுபதாயிரத்துக்குக் கையெழுத்துப் போடுறீங்க. நடுவுல இருக்குற ரெண்டாயிரம் எங்க போச்சு? அதை முதல்ல பார்த்துடலாம்."

எம்.சி. ரோடு துணிக்கடை | 2025 ஜூலை 12, இரவு 8.00

தொடக்கம் நன்றாக வந்திருக்கிறது. வட்டி பற்றி அதிகாரி எழுதியதை நான் என் கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொத்தம் 67,200 கட்டுகிறோம் என்று சொல்லிவிட்டால் போதுமே. சதவீதம் எதற்கு என்று எழுத்தர் முதலில் கேட்டதுதான் இப்போது எனக்குச் சரியாகப் படுகிறது.

பழைய கடன் அதிகாரி | 2025 ஜூலை 13, காலை 10.25

நான் அதற்கு உடன்பட மாட்டேன். ஒரே தொகை, ஒரே காலம் என்றால் ரூபாயே போதும். ஆனால் வாடிக்கையாளர் அடுத்த தெருவில் இன்னொரு நிறுவனத்திலும் விசாரிப்பார். அங்கே 18 மாதத்துக்கு மாதம் 3,900 என்பார்கள். தவணை சிறியது என்று அது இனிக்கும், மொத்தம் 70,200 என்று இது கசக்கும். இரண்டில் எது மலிவு என்று ரூபாயை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. காலம் மாறும்போது ஒப்பிட உதவும் ஒரே அளவு ஏபிஆர்தான். அதற்காகத்தான் அந்தத் தாளில் அதைப் போடச் சொன்னார்கள். வசனத்தில் அதன் கணக்கை விளக்க வேண்டாம், தாளில் அது எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும்.

ஃப்ளாட் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆறு தவணை முடிந்ததும் பாதிக் கடன் முடிந்தது, இன்னும் 30,000 கட்டினால் அடைத்துவிடலாம் என்று வாடிக்கையாளர் பணத்தோடு வருவார். குறையும் அசல் முறையில் பார்த்தால், முதல் மாதத் தவணையான 5,600-ல் ஏறக்குறைய 1,073 ரூபாய் வட்டி. மாதம் செல்லச் செல்லத்தான் வட்டி குறைந்து அசல் அதிகமாகக் கழியும். ஆகவே ஆறாம் தவணைக்குப் பிறகும் ஏறக்குறைய 31,600 ரூபாய் பாக்கி இருக்கும். அந்த 1,600 ரூபாய்க்காகக் கிளை வாசலில் எத்தனையோ சண்டைகளைச் சமாதானம் செய்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 13, பிற்பகல் 3.45

இதை இரண்டு முறை படித்தேன். ஒப்பிடுவதற்குச் சதவீதம் வேண்டும் என்பது சரிதான், ஆனால் அந்த எண்ணைக் காதில் சொல்வது உதவுமா என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. காணொளியில் 28.1 என்று சொன்னால், வேறு தொகையும் வேறு கட்டணமும் உள்ளவர் தன் தாளில் வேறு எண்ணைப் பார்த்துக் குழம்புவார். ஆகவே எண்ணைச் சொல்லாமல், அதைப் பயன்படுத்தும் முறையை மட்டும் சொல்கிறேன்:

"உங்க கையில ஒரு தாள் குடுப்பாங்க. அதுல ஏபிஆர்னு ஒரு வரி இருக்கும். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு அந்த ஒரு நம்பர் சொல்லும். வேற எடத்துலயும் கேளுங்க. அவங்க தாள்லயும் இதே வரியப் பாருங்க. எது கம்மியோ அதுதான் மலிவு. அவசரம் வேணாம், இந்தத் தாள் குறைஞ்சது மூணு வேலை நாளைக்குச் செல்லும்."

மூன்று வேலை நாள் என்பதும் அதே 2024 சுற்றறிக்கையில் உள்ளதுதான். ஏழு நாளோ அதற்கு மேலோ காலம் உள்ள கடனுக்கு அந்த அவகாசம் உண்டு, அதற்குள் வாடிக்கையாளர் சம்மதித்தால் தாளில் எழுதியபடியே நிறுவனம் கொடுக்க வேண்டும். குழுவினரிடம் இந்த வரியைத் திரும்பப் போட்டபோது, தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பதே பலருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

காசிமேடு படகு | 2025 ஜூலை 14, காலை 8.15

ஐயா சொன்னபடி சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் ஒரு வேண்டுகோள். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைக் காணொளியில் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் ஆண்டுதோறும் வருகிறது, அது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. அந்த இரண்டு மாதத்துக்குத் தவணை இல்லாமல் முதலிலேயே அட்டவணை போட முடியாதா?

பழைய கடன் அதிகாரி | 2025 ஜூலை 14, இரவு 9.40

கடன் கொடுக்கும் முன் நிறுவனம் ஒப்புக்கொண்டால் அப்படி அட்டவணை போடலாம். ஆனால் அந்த இரண்டு மாதத்துக்கும் வட்டி ஓடும், மற்ற மாதத் தவணை சற்று உயரும். பணம் வாங்கிய பிறகு கேட்டால் அது கடனை மாற்றியமைப்பதாகக் கருதப்பட்டு, கடன் வரலாற்றில் பதிவாகக்கூடும். கேட்க வேண்டிய நேரம் கையெழுத்துக்கு முன்புதான்.

தவறிய தவணைக்கு அபராதம் போடலாம், ஆனால் ரிசர்வ் வங்கியின் 2023 ஆகஸ்ட் 18 சுற்றறிக்கைக்குப் பிறகு அதை வட்டியோடு ஏற்றிச் சொல்லக் கூடாது. தனிக் கட்டணமாகவே இருக்க வேண்டும், அந்தக் கட்டணத்தின் மேல் மறுபடியும் வட்டி போடக் கூடாது. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வசனத்தில் அபராதத்தை ரூபாயில் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை எழுத்தர் | 2025 ஜூலை 15, காலை 7.10

அபராத வரியை எழுதிவிட்டேன்: "ஒரு மாசம் தவறினா அபராதம் உண்டு. எவ்வளவுன்னு தாள்லயே எழுதியிருக்கும். அந்த அபராதத்துக்கு மேல வட்டி போட மாட்டாங்க. ஆனா கட்டாத டியூ உங்க கடன் வரலாத்துல ஏறும். கட்ட முடியாதுன்னு தெரிஞ்சா, தேதி வர்றதுக்கு முன்னாடியே கிளைக்கு வந்து சொல்லுங்க." ரூபாய்த் தொகையை நிறுவனம் இன்னும் தரவில்லை, வந்ததும் அந்த இடத்தில் சேர்ப்பேன்.

தடைக்கால அட்டவணையைக் கேட்டு நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். கிளைமேலாளர் ஆர்வமாக இருக்கிறார், தலைமையகத்திலிருந்து பதில் இல்லை. அவர்கள் ஒப்புக்கொண்டால் காசிமேடு, திருவொற்றியூர் கிளைகளுக்கு மட்டும் "வருஷத்துல எந்த மாசம் உங்களுக்கு வருமானம் இருக்காதுன்னு முதல்லயே சொல்லுங்க" என்ற வரியோடு தனிப் பதிவு போடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்த வரியைப் போட முடியாது, ஏனென்றால் சொல்லச் சொல்லிவிட்டு அதற்கு ஒன்றும் செய்யாத கிளைக்கு அவரை அனுப்பக் கூடாது. குரல் பதிவை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.